ஆறு சென்ட் நிலமும் ஒரு பெரிய தாளும்: முதல் வீட்டுக் கடன் கோப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மார்த்தாண்டத்துக்கு மேற்கே குடியிருக்கும் என் அக்காள் மகள் ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் நாகர்கோவிலில் உள்ள என் வீட்டுக்கு வந்தாள். கையில் பூட்டு வைத்த பிளாஸ்டிக் கோப்பு ஒன்று இருந்தது. "மாமா, பேங்க்காரங்க தந்த லிஸ்டுல உள்ளது எல்லாம் இதுல இருக்கு. ஒரு தடவை பார்த்துத் தாருங்க, திங்கட்கிழமை பிராஞ்சுக்குப் போறோம்" என்றாள். நான் பல ஆண்டுகள் ஒரு வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அவள் சொன்னது பொய்யல்ல. பட்டியலில் இருந்த பதினேழு தாள்களும் கோப்பில் இருந்தன. ஆனாலும் அந்தக் கோப்பு கிளைக்குள் நுழைந்தது நான்கு மாதங்களுக்குப் பிறகுதான். அந்த நான்கு மாதங்களில் என்னென்ன நடந்தது என்பதை, சம்பந்தப்பட்டவர்களின் அடையாளத்தை மட்டும் விட்டுவிட்டு, இங்கே எழுதுகிறேன்.

சங்கதி இதுதான். அவளுடைய அப்பா தமக்குப் பாகத்தில் கிடைத்த புரையிடத்தில் ஆறு சென்டைப் பிரித்து, 2021-இல் அவள் பேரில் தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் வீடு கட்டுவதற்காகக் கணவனும் மனைவியும் சேர்ந்து 30 லட்ச ரூபாய் கடன் கேட்க நினைத்தார்கள். கணவருக்குத் திருவனந்தபுரத்தில் தனியார் நிறுவன வேலை. அவள் ஊரிலேயே ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. இருவருக்கும் இதுதான் முதல் வீட்டுக் கடன்.

வங்கி தரும் பட்டியல் எந்தெந்தத் தாள் வேண்டும் என்பதை மட்டுமே சொல்லும். கிளையில் கோப்பை வாங்கி வைப்பவரும் அந்தப் பட்டியலைக் கொண்டு எண்ணித்தான் வாங்குவார். சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. கோப்பு வங்கியின் வழக்கறிஞரிடம் போகும்போது, அவர் ஒரு தாளை இன்னொரு தாளின் பக்கத்தில் வைத்துப் படிக்கிறார். பத்திரத்தில் உள்ள சர்வே எண் பட்டாவில் இல்லை, பட்டாவில் உள்ள பரப்பு வரைபடத்தில் இல்லை என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புகிறார். அந்த வேலையை முன்கூட்டியே வீட்டு மேசையில் செய்துவிடலாம் என்பதுதான் என் வழக்கம். நாட்காட்டியின் பின்பக்கம் போன்ற ஒரு பெரிய தாளை எடுத்து, மேலே குறுக்காக ஒவ்வோர் ஆவணத்தின் பெயரையும், இடப்பக்கம் கீழ்நோக்கி உரிமையாளர் பெயர், இனிஷியல், தகப்பனார் அல்லது கணவர் பெயர், பழைய சர்வே எண், புதிய சர்வே எண், பரப்பு, நான்கு எல்லைகள் ஆகியவற்றையும் எழுதினோம். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தந்தத் தாளில் உள்ளதை உள்ளபடியே, எழுத்துப் பிழையோடுகூட, அவளையே எழுதச் சொன்னேன். "இப்படித்தான் இருக்கும்" என்று நினைவிலிருந்து நிரப்புவதுதான் இதில் எல்லாரும் செய்கிற தவறு. ஒரு மணி நேரத்தில் தாள் நிரம்பியது. பேனாவால் ஆறு இடங்களில் வட்டம் போட்டோம். அவற்றில் மூன்று சின்னவை, மூன்று பெரியவை.

வில்லங்கச் சான்றில் ஒரே ஒரு வரி

முதல் பெரிய வட்டம் வில்லங்கச் சான்றில் விழுந்தது. அவள் வைத்திருந்த சான்று 1975 முதல் எடுக்கப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு காலத்துக்கான அந்தச் சான்றில் இருந்தது ஒரே ஒரு பதிவு, அதாவது அவளுடைய 2021 பத்திரம். வில்லங்கமே இல்லை என்று அவள் மகிழ்ந்திருந்தாள். எனக்கு அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. அந்த நிலத்தை அப்பா ஏதோ ஒரு பாகப்பத்திரத்தின் வழியாகத்தானே பெற்றார், அந்தப் பத்திரம் ஏன் இதில் இல்லை?

காரணம் எளிது. அவள் 184/7பி என்ற எண்ணைக் கொடுத்துத் தேடியிருந்தாள். அந்த உட்பிரிவு 2021-இல் அவளுக்காக அளந்து பிரித்தபோது பிறந்தது. சார்பதிவகத்தின் அட்டவணையில் ஒரு பத்திரம் எந்த எண்ணோடு எழுதப்பட்டதோ அந்த எண்ணில்தான் ஏறியிருக்கும். பிறக்காத உட்பிரிவின் கீழ் பழைய பத்திரம் எப்படி வரும்? இந்த மாவட்டத்தில் அதற்கும் கீழே இன்னோர் அடுக்கு உண்டு. திருவிதாங்கூர் காலத்து சர்வே எண் ஒன்று, மறு நிலஅளவையில் வந்த எண் வேறொன்று. புது எண் வந்த பிறகும் ஆவண எழுத்தர்கள் முந்தைய பத்திரத்தைப் பார்த்து எழுதும் பழக்கத்தால், பழைய எண்ணையே பல காலம் பத்திரங்களில் எழுதி வந்திருக்கிறார்கள்.

ஆகவே eservices.tn.gov.in தளத்தில் அ-பதிவேட்டைத் திறந்தோம். அதில் புதிய புல எண்ணுக்கு நேரே பழைய புல எண்ணுக்கென்று தனிப் பத்தி இருக்கிறது. அவளுடைய நிலத்துக்கு அது 2416 என்று காட்டியது. அதே பதிவேட்டில் நிலம் புன்செய் என்று இருந்ததையும் குறித்துக்கொண்டேன். நன்செய் என்று இருந்திருந்தால், தரையில் இன்று தென்னை நின்றாலும் வீட்டுமனையாக மாற்ற அனுமதி கேட்கும் வேறொரு கதை தொடங்கியிருக்கும்.

பிறகு tnreginet.gov.in தளத்தில் 184/7பி, 184/7, 2416 ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக வில்லங்கம் தேடினோம். தளத்தில் பார்ப்பதற்குக் கட்டணமில்லை. கோப்பில் வைக்கும் சான்றிட்ட பிரதிக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். 2416-இல் 1978-ஆம் ஆண்டுப் பாகப்பத்திரம் வந்தது. அதற்குக் கீழே 2009-இல் அவளுடைய அப்பா ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்த அடமானப் பத்திரமும் வந்தது. பழைய எண்ணில் தேடியதால் மற்றவர்களின் நிலங்களும் பட்டியலில் வந்தன. எல்லைகளையும் பெயரையும் ஒப்பிட்டு நம்முடையதை மட்டும் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தோம். "அது ரப்பர் நட எடுத்த லோன். 2014-லயே அடைச்சாச்சே" என்றார். அடைத்ததற்கான பற்றுச்சீட்டும் பாஸ்புத்தகமும் அவரிடம் இருந்தன. ஆனால் கடனை அடைப்பது ஒரு வேலை, அடமானத்தை வில்லங்கத்திலிருந்து இறக்குவது இன்னொரு வேலை. கடன் கொடுத்தவர் சார்பதிவகத்துக்கு வந்து ரசீதுப் பத்திரம் பதிவு செய்தால்தான் அந்த அடமானத்துக்கு நேரே அது தீர்ந்தது என்ற பதிவு ஏறும். சங்கத்தில் பழைய செயலாளர் ஓய்வு பெற்றிருந்ததால், புதியவர் பழைய பேரேட்டைத் தேடியெடுத்து, தீர்மானம் போட்டு, கையெழுத்திட வர மூன்று வாரம் பிடித்தது. வங்கியில் கடன் கேட்டு வட்டி விகிதம் பேசிக்கொண்டிருக்கும்போது இந்த மூன்று வாரம் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. பதிவு செய்யாமல் மூலப்பத்திரத்தை மட்டும் வைத்து வாங்கிய கடன் வில்லங்கச் சான்றில் தெரியாது. அதனால்தான் வழக்கறிஞர்கள் அசல் பத்திரம் யார் கையில் என்று விடாமல் கேட்கிறார்கள். இங்கே அவளுடைய 2021 பத்திரத்தின் அசல் அவளிடமே இருந்தது. 1978 பாகப்பத்திரத்தின் அசல் பெரியப்பாவிடம். அதற்குச் சார்பதிவகத்தில் சான்றிட்ட நகல் எடுத்து, அசல் மூத்த பங்காளியிடம் உள்ளது என்று அவரிடமே ஒரு கடிதமும் வாங்கி வைத்தோம்.

சென்ட் வேறு, ஆர் வேறு

இரண்டாவது வட்டம் பரப்பில். பத்திரம் 6 சென்ட் என்றது; பட்டா 0 - 02.20 என்றது. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஆர் கணக்கில் இருப்பதால், முதல் பார்வையில் யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர்; ஆறு சென்ட் ஏறத்தாழ 242.8 சதுர மீட்டர், அதாவது 2.43 ஆர். பட்டாவில் இருப்பதோ 2.20 ஆர், சென்ட் கணக்கில் 5.44. அரை சென்டுக்கு மேல் குறைகிறது. புலப்படத்தை எடுத்துப் பார்த்தபோது விவரம் புரிந்தது: உட்பிரிவு செய்ய வந்த சர்வேயர், ஊராட்சிச் சாலைக்குள் போய்விட்ட கீற்றை விட்டுவிட்டு அளந்திருக்கிறார். பத்திரம் எழுதியவர் தரையை அளக்காமல் ஆறு என்று முழுதாக எழுதியிருக்கிறார்.

இப்படி முரண்படும்போது வங்கியின் மதிப்பீட்டாளர் பெரும்பாலும் இரண்டில் குறைந்ததையே கணக்கில் எடுப்பார். அதைவிட முக்கியமானது வீட்டு வரைபடம். பொறியாளர் பத்திரத்தைப் பார்த்து ஆறு சென்டுக்கு வரைந்திருந்தார்; அந்தப் படத்தின்படி கட்டினால் சாலைப் பக்கம் விட வேண்டிய இடைவெளி தாளில் மட்டும்தான் இருக்கும். பட்டாவின் பரப்புக்கு மாற்றி வரையச் சொன்னோம். இதில் எதிர்பாராத ஓர் ஆதாயமும் வந்தது. 2024 சூலையில் கட்டட அனுமதிக்காகத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சுயசான்று முறை 2,500 சதுர அடி வரையிலான மனைக்குப் பொருந்தும். ஆறு சென்ட் என்றால் 2,613 சதுர அடி, வரம்புக்கு வெளியே, 2.20 ஆர் என்றால் 2,368 சதுர அடி, உள்ளே. பத்திரத்தில் உள்ள பரப்பைச் சரிசெய்ய அப்பாவும் மகளும் சேர்ந்து பிழைத்திருத்தல் பத்திரம் ஒன்றையும் பதிவு செய்தார்கள்.

கையெழுத்துப் போடாத இரண்டு அத்தைமார்

மூன்றாவது வட்டத்தைத்தான் நான் அதிகம் அஞ்சினேன். குமரி மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இதை இப்போதும் அடிக்கடி பார்க்கலாம்.

1978 பாகப்பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள் அப்பாவும் பெரியப்பாவும் மட்டும். தாத்தா உயில் எழுதாமல் 1969-இல் இறந்தார், பாட்டி 1975-இல். அவர்களுக்கு இரண்டு ஆண் மக்களும் இரண்டு பெண் மக்களும். பெண்களுக்குச் சீதனம் கொடுத்துக் கட்டிக் கொடுத்தாயிற்று என்பதால் பாகத்தில் அவர்கள் பெயரே வரவில்லை. அந்தக் காலத்தில் அது யாருக்கும் தவறாகத் தோன்றவில்லை. ஏனென்றால் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தின்படி மகளுக்குக் கிடைப்பது மகனுடைய பங்கில் கால் பகுதி அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. சீதனம் வாங்கியவளுக்கு அதுவும் இல்லை. ஆனால் 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே பழைய திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1-ஆம் நாள். 1951-இல் நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். ஆக 1969-இல் இறந்த தாத்தாவின் சொத்தில், 1978-இல் என்ன எழுதியிருந்தாலும், நான்கு பிள்ளைகளுக்கும் சம பங்கு.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அத்தைமார் வழக்குப் போட முடியுமா, காலவரம்பு கடந்துவிட்டதா என்பதெல்லாம் நீதிமன்றத்தில் வாதிட வேண்டியவை. வங்கி வழக்கறிஞர் அந்த வாதத்துக்குள் போகமாட்டார். பாகத்தில் சேராத வாரிசுகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விடுவார். இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், பாகப்பத்திரத்தின் பக்கத்தில் வாரிசுச் சான்றை வைத்துப் பெயர்களை எண்ண வேண்டும். சான்றில் நான்கு பேர், பத்திரத்தில் இரண்டு பேர் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்துக் குடும்பங்களில் பொருந்தும் சட்டம் வேறு, ஆனால் எண்ணிப் பார்க்கும் வேலை ஒன்றுதான்.

மூத்த அத்தை கொச்சியில் இருந்தார். விவரம் சொன்னவுடன், "எனக்கு எதுக்கு மக்களே அந்த இடம், வந்து ஒப்பு போட்டுத் தாறேன்" என்று கிளம்பி வந்துவிட்டார். இளைய அத்தை உயிருடன் இல்லை. அவருடைய கணவரும் முன்பே காலமாகியிருந்தார். அவருடைய மகன் கத்தாரில், மகள் தக்கலையில். மகனால் வர முடியாததால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் தன் தங்கைக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதி ஒப்பமிட்டு அனுப்பினார். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். அந்த நாளைத் தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்தேன். விடுதலைப் பத்திரத்தை யார் பேருக்கு எழுதுவது என்பதிலும் அவசரப்படவில்லை. அப்பா பேருக்கா, ஏற்கெனவே நிலத்தைப் பெற்றுவிட்ட மகள் பேருக்கா என்பதைப் பொறுத்து முத்திரைத் தீர்வையும் வாசகமும் மாறும் என்பதால், பத்திரம் எழுதுவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் வரைவைக் காட்டினோம். மொத்தக் காலத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரு பத்திரத்துக்குத்தான் போயிற்று.

சம்பளத் தாள்களும் நகைக்கடனும்

வருமானத் தாள்களில் சிக்கல் குறைவு. கணவரின் படிவம் 16-இல் உள்ள சம்பளத்தில் பிடித்தங்கள் போக மிஞ்சுவதும் வங்கிக் கணக்கில் மாதாமாதம் ஏறிய தொகையும் ஒத்துப்போயின. அவளுக்குப் பள்ளி தருவது 17,000 ரூபாய். அதில் 12,000 கணக்கில் வருகிறது, மீதி கவரில் வருகிறது. சம்பளச் சான்றில் பள்ளி 17,000 என்று எழுதித் தந்திருந்தது. இந்த முரண்பாட்டை வங்கி கண்டுபிடித்தால் மற்றத் தாள்களையும் சந்தேகத்தோடு பார்க்கும். 12,000-க்கே சான்று வாங்கி வரச் சொன்னேன். கணவருக்குக் கைக்கு வருவது 48,000. ஆக இருவருக்கும் 60,000. தவணைகள் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் பாதிக்குள் அடங்க வேண்டும் என்று கொண்டால், பைக் தவணை 3,400 போக 26,600 மிஞ்சும். 30 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் இருபது ஆண்டுத் தவணை ஏறக்குறைய 26,035 ரூபாய். இழுத்துப் பிடித்து அடங்குகிறது.

அந்த இழுபறியை ஒரு நகைக்கடன் கெடுத்திருக்கும். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பதால், இருவருடைய அறிக்கையையும் எடுத்தோம். அவளுடைய அறிக்கையில், முந்தைய ஆண்டே திருப்பிய இரண்டு நகைக்கடன்களில் ஒன்று இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டியது. நம் ஊரில் மழை வந்தாலும் பள்ளி திறந்தாலும் நகை அடகுக்குப் போகும். அதனால் இங்குள்ள அறிக்கைகளில் இந்தப் பிழையைத் தேடியே பார்க்க வேண்டும். நகையை மீட்ட ரசீதை இணைத்து ஆட்சேபம் பதிந்தாள். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி, அதற்குள் சரியாகிவிட்டது.

சின்ன வட்டங்கள் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஆதாரில் கணவர் பெயரும் பத்திரத்தில் தகப்பனார் பெயரும் இருந்தது பிழையல்ல. திருமணச் சான்று ஒன்றே அதற்குப் போதும். பான் அட்டையில் அவள் பெயரில் ஓர் எழுத்து ஆதாரிலிருந்து மாறியிருந்தது. அதைத் திருத்தியே ஆக வேண்டும், திருத்தினாள். தீர்வை ரசீது பழைய ஆண்டுடையது; நடப்பாண்டுக்குக் கட்டினாள்.

நான்காவது மாதக் கடைசியில் கோப்பைக் கிளையில் கொடுத்தார்கள். மேலே அந்தப் பெரிய தாளைச் சுத்தமாக நகலெடுத்து, பழைய எண்ணும் புதிய எண்ணும் எப்படித் தொடர்பு கொள்கின்றன என்ற ஒரு பத்திக் குறிப்போடு வைத்திருந்தோம். மனையின் மதிப்பை அவர்களுடைய பொறியாளர் என்ன போடுவார் என்பது மட்டும் நம் கையில் இல்லாமல் இருந்தது. வழக்கறிஞரிடமிருந்து பத்து நாளில் ஒரே ஒரு கேள்வி வந்தது. தாத்தா நிலம் வாங்கிய பத்திரம் கொல்லம் ஆண்டு 1117-இல், அதாவது 1941-42-இல், மலையாளத்தில் எழுதப்பட்டது. அதற்கு நாங்கள் வைத்திருந்த தமிழ் மொழிபெயர்ப்பில் மொழிபெயர்த்தவருடைய கையொப்பம் இல்லை. அதை நான் கவனிக்கவே இல்லை. மொழிபெயர்த்துத் தந்த பெரியவர் களியக்காவிளையில் இருந்தார். அடுத்த நாள் காலைப் பேருந்தில் போய், அவர் வீட்டுத் திண்ணையிலேயே வாங்கி வந்தாள்.